அச்சியந்திரமும் டொலர்க் கடனும்: ஆண்டிறுதி நாணயமாற்று வேறுபாடு பற்றி ஒரு விளக்கம்

இலங்கை ரூபாவின் பெறுமதி 2021 செப்டெம்பர் முதல் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபா என்னும் மட்டத்தில் பிடித்துவைக்கப்பட்டிருந்தது. 2022 மார்ச் 7 இல் மத்திய வங்கி அப்பிடியைத் தளர்த்திற்று. அம்மாத இறுதியில் டொலரின் விலை ஏறத்தாழ 300 ரூபாவாகியது. இங்குள்ள பல கம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31 இல் முடிவடைகின்றது. ஆகவே, பதினொரு மாதங்கள் இலாபத்தோடு இயங்கிய ஒரு நிறுவனம் கடைசி மூன்று வாரங்களின் விளைவாக நட்டக் கணக்கைக் காட்டுவது இயல்பாயிற்று. இந்த நட்டம் எத்தகையது? பணம் கைமாறுமுன்னரே அதனை நட்டம் எனக் கொள்வது முறையாகுமா? தொழிலாளரின் போனசும் பங்குதாரரின் பங்கிலாபமும் இதற்கான விடையோடு தொடர்புற்றிருப்பதால், ஒரு கற்பனை உதாரணத்தின் துணைகொண்டு இதனை ஆராய்வோம். கணிப்பு எளிதாதற் பொருட்டு வீதங்களை முழு எண்களாக்கி, வட்டியை விடுத்துள்ளோம்.

ஒரு கடன், ஓர் இயந்திரம்

அச்சகம் ஒன்று 2021 ஒக்ரோபர் 1 இல் ஓர் அச்சியந்திரத்தை 100,000 டொலருக்குக் கடனாக வாங்குகின்றது. கடன் 2024 ஏப்ரலில் ஒரே தொகையாகச் செலுத்தப்படவேண்டும். கொள்வனவு நாளின் வீதம் 200 ஆதலால், இயந்திரமும் கடனும் தலா 200 இலட்சம் ரூபாவாகப் பதியப்படுகின்றன. 2022 மார்ச் 31 இல் வீதம் 300. அன்று கடன் 300 இலட்சமாக மீளக் கணிக்கப்படும். இயந்திரமோ தன் பழைய கிரயத்திலேயே நிற்கும். அரையாண்டுப் பெறுமானத் தேய்வு மாத்திரமே அதிலிருந்து கழிக்கப்படும். இடைவெளியான 100 இலட்சம் இலாப நட்டக் கணக்கில் நட்டமாக விழுகின்றது. அதற்குமுன் அச்சகம் 40 இலட்சம் இலாபம் ஈட்டியிருந்ததாயின், இப்போது அது 60 இலட்சம் நட்டத்தைக் காட்டும்.

ஐந்தொகையின் ஒரு பக்கம் மாத்திரம் அசைவதற்குக் காரணம், உருப்படிகளை நியமம் இருவகையாகப் பிரித்து நோக்குவதாகும். சர்வதேச நியமத்தைத் தழுவிய இலங்கைக் கணக்கீட்டு நியமம் 21 இன்படி, குறித்த தொகைப் பணமாகப் பெறவோ செலுத்தவோ வேண்டியவை நாணய உருப்படிகள். கடன், வங்கி மீதி, வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய தொகை ஆகியன அத்தகையன. இவை ஆண்டிறுதி வீதத்தில் மீளக் கணிக்கப்படும். கிரயத்தில் வைக்கப்பட்ட இயந்திரமும் கடதாசி இருப்பும் நாணயமற்ற உருப்படிகள். அவை வாங்கிய நாளின் வீதத்திலேயே நிற்கும்.

நடைமுறையில் அடிக்கடி தவறு நேரும் இடம் முற்பணமாகும். அச்சகம் கடதாசிக்காக 2022 ஜனவரியில் 10,000 டொலர் முற்பணம் அனுப்பியிருப்பின், அது ஐந்தொகையில் வரவேண்டிய தொகை போலத் தோற்றமளிக்கும். ஆனால் அதற்கீடாகத் திரும்பி வரப்போவது பணமன்று, கடதாசி. எனவே அது 20 இலட்சமாகவே நிற்கவேண்டும். அதனை 30 இலட்சமாக உயர்த்தினால் 10 இலட்சம் பொய் இலாபம் தோன்றும். பணம் எதுவும் செல்லாதிருக்க முற்பண மீதி ஆண்டிறுதியில் உயர்ந்திருப்பின், தவறு நேர்ந்துள்ளதெனக் கண்டுகொள்ளலாம்.

ஒரு நாளின் வீதம்

செலுத்தாத கடனின் நட்டத்தைச் செலுத்தும் நாள்வரை ஒத்திவைக்கலாம் என வாதிடுவோர் உளர். ஒத்திவைப்பின், மார்ச் 31 அன்று 300 இலட்சம் தேவைப்படும் கடனை 200 இலட்சம் எனக் காட்டியவர்களாவோம். அவ்வாறு காட்டிய இலாபத்தைப் பங்கிட்டுவிட்டால் அடுத்த ஆண்டு கடனடைக்கக் கையில் எதுவும் எஞ்சாது. ஆகவே பதிவதே சரி என்பது எமது கருத்து. எனினும், பதியப்பட்ட தொகை ஒரேயொரு நாளின் வீதத்திற் தங்கியுள்ளது என்பதையும் நாம் மறத்தலாகாது.

2022 மே மாதத்தில் வீதம் 360 ஐ எட்டி, ஏறத்தாழ அம்மட்டத்திலேயே 2023 இன் தொடக்கம்வரை நின்றது. 2023 மார்ச் இறுதியில் அது ஏறத்தாழ 330. 2024 மார்ச் இறுதியில் ஏறத்தாழ 300. எனவே எமது அச்சகம் முதலாண்டில் 100 இலட்சம் நட்டமும், இரண்டாமாண்டில் 30 இலட்சம் நட்டமும், மூன்றாமாண்டில் 30 இலட்சம் இலாபமும் காட்டும். ஒரு பக்கமேனும் கூடுதலாக அச்சிடாமலே வந்த இலாபம் அது. 360 என்ற உச்சம் அதன் ஐந்தொகையில் ஒருபோதும் தோன்றாது.

இதே கடனைக் கொண்ட, ஆனால் டிசம்பர் 31 இல் ஆண்டை முடிக்கும் மற்றோர் அச்சகத்தை நோக்குவோம். 2021 இறுதியில் வீதம் 200 ஆதலால் நட்டமில்லை. கணக்குகள் வெளியாகுமுன் ரூபா வீழ்ந்திருந்தாலும் அது ஆண்டுக்குப் பிந்திய நிகழ்ச்சியாகக் குறிப்பில் மாத்திரம் வெளிப்படுத்தப்படும். 2022 இறுதியில் வீதம் ஏறத்தாழ 360 ஆகவே நட்டம் 160 இலட்சம். கடனும் நாடும் ஒன்றே; வேறுபட்டது ஆண்டு முடியும் நாள் மாத்திரமே.

நட்டத்தை எங்கே வைப்பது?

நட்டத்தை இயந்திரத்தின் கிரயத்தோடு சேர்ப்பதே மற்றொரு வழி. சர்வதேச நியமம் 21 முன்னர், கடுமையான மதிப்பிறக்கம் நேர்ந்து, காப்புத் தேட வழியில்லாதபோது, அண்மையில் வாங்கிய சொத்துக்கு இதனை அனுமதித்திருந்தது. 2003 ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கிற்று. 2008 நெருக்கடியின்பின் இந்திய அரசு 2009 மார்ச்சில், நீண்டகால வெளிநாட்டு நாணயக் கடன்களுக்கு இத்தகைய சலுகையை அளித்தது. இதன்படி 100 இலட்சமும் பெறுமானத் தேய்வாகப் பல ஆண்டுகளில் சிறுகச் சிறுகக் கழியும். நட்டம் மறைவதில்லை, அதனைத் தாங்கும் ஆண்டுகளே மாறுகின்றன. ரூபா வீழ்ந்தமையால் அச்சியந்திரம் முன்னரிலும் கூடிய பக்கங்களை அச்சிடப்போவதில்லை என்பதே இவ்வழிக்கு எமது மறுப்பு.

பெயர்த்தெழுதும் வேறுபாடு

இதுவரை கண்டது கொடுக்கல் வாங்கலில் எழும் வேறுபாடு. இதனின்றும் வேறானது, கூட்டுக் கணக்கிற்காக வெளிநாட்டுத் துணைக் கம்பனியின் கணக்கை ரூபாவில் பெயர்த்தெழுதும்போது எழுவது. மாலைதீவில் டொலரில் இயங்கும் விடுதியொன்றின் தேறிய சொத்து 10 இலட்சம் டொலர் எனக் கொள்வோம். வீதம் 200 இலிருந்து 300 ஆகும்போது தாய்க் கம்பனியின் ஏட்டில் அது 2,000 இலட்சம் ரூபாவிலிருந்து 3,000 இலட்சமாகின்றது. இந்த 1,000 இலட்சம் எவரும் செலுத்தப்போவதோ பெறப்போவதோ அன்று. ஆதலால் அது இலாபத்திற் சேராது, ஏனைய விரிவான வருமானத்தினூடாகத் தனி ஒதுக்கமொன்றில் வைக்கப்படும். விடுதி விற்கப்படும் நாளிலேயே இலாப நட்டக் கணக்கை அடையும்.

எனவே ஆண்டறிக்கையொன்றைக் கையிலெடுப்போர், நாணயமாற்று வேறுபாட்டை நீக்கியபின் எஞ்சும் இலாபம் எவ்வளவு, வேறுபாட்டில் பணமாக முடிந்த பகுதி எவ்வளவு, எஞ்சிய டொலர்க் கடன் எப்போது செலுத்தப்படவுள்ளது என்னும் மூன்றையும் குறிப்புகளிலே தேடுதல் வேண்டும். நட்டத்தைக் காட்டிப் போனசை மறுத்த நிர்வாகம், வீதம் இறங்கிய ஆண்டின் இலாபத்தை எவருக்குப் பங்கிட்டது என்ற வினாவை அதன்பின்னரே தெளிவாக எழுப்ப முடியும்.