பெயர் எழுதாத கட்டம்

என் தங்கை மகளுக்கு 2019 ஜூன் 3ஆம் தேதி பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்தவள், காவிரிக் கரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவித்தாள். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை. மறுநாள் காலையில் ஒரு நர்ஸ் கையில் ஃபாரத்தோடு வந்து நின்றார். “பாப்பாவுக்கு என்ன பேரு எழுதணும்?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமியார் மனதில் ஒரு பெயர், என் தங்கை மனதில் வேறொரு பெயர். நட்சத்திரத்துக்கு என்ன எழுத்தில் தொடங்க வேண்டும் என்று ஜோசியரைக் கேட்கவேண்டியது வேறு பாக்கி. “இப்ப சொல்லலைன்னா அப்புறம் கஷ்டம்மா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க” என்றார் நர்ஸ். அவர் அவசரம் அவருக்கு. ஆனால் அவர் சொன்னது சரியில்லை. பெயர் இல்லாமலே குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்யலாம். 1969ஆம் வருடத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் இதற்கென்றே 14ஆம் பிரிவு இருக்கிறது. பிறந்த நாள், ஊர், அப்பா அம்மா பெயர் இவையெல்லாம் உடனே எழுதவேண்டியவை. குழந்தையின் பெயரை மட்டும் பிறகு நிரப்பிக்கொள்ளச் சட்டமே இடம் விட்டிருக்கிறது.

மருத்துவமனையில் குழந்தை பிறந்தால், பதிவாளருக்குத் தகவல் சொல்லவேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. குடும்பத்தார் போய்ச் சொல்லவேண்டியதில்லை. பிறப்பு அறிக்கைப் படிவத்தை மருத்துவமனை நிரப்பி அனுப்பும். பதிவாளர் அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவார். நகராட்சி, மாநகராட்சிகளில் துப்புரவு ஆய்வாளரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகாதார ஆய்வாளரும், கிராமத்தில் வீட்டிலேயே பிறந்தால் வி.ஏ.ஓ.வும் இந்தப் பதிவாளர் வேலையைப் பார்க்கிறார்கள். வீட்டுப் பிரசவத்தில் தகவல் சொல்லவேண்டியவர் குடும்பத் தலைவர். 108 வண்டியிலேயே பிறந்துவிட்டால்? வண்டி முதலில் எங்கே நிற்கிறதோ அந்த ஊர்தான் குழந்தை பிறந்த இடம் என்று விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். யாரோ அனுபவப்பட்டவர்தான் எழுதியிருக்க வேண்டும்.

மருத்துவமனை அனுப்புவது தகவல்தான், சான்றிதழ் அல்ல. டிஸ்சார்ஜ் ஆகும்போது மருத்துவமனை முத்திரையோடு தரும் சீட்டைப் பத்திரமாக பீரோவில் வைத்துக்கொண்டு, அதுதான் பிறப்புச் சான்றிதழ் என்று வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சான்றிதழ் தருபவர் பதிவாளர் ஒருவரே. அதில் பதிவு எண்ணும் பதிவு செய்த தேதியும் இருக்கும். தமிழ்நாட்டில் crstn.org என்ற தளத்தில் தேடி எடுத்துக்கொள்ளலாம். பிரசவம் ஆகி இரண்டு வாரத்தில் அங்கே குழந்தையின் பதிவு தெரியவில்லை என்றால், மருத்துவமனைக்குப் போய் எப்போது அனுப்பினார்கள் என்று கேட்பது நல்லது. பெரும்பாலும் ஆர்.சி.எச். எண் இல்லாமல் நின்றிருக்கும். கர்ப்பிணியாக இருக்கும்போதே கிராம சுகாதார செவிலியரிடமோ அரசின் பிக்மி தளத்திலோ பதிந்து வாங்கும் 12 இலக்க எண் அது. 2017 முதல் தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிய இந்த எண் கேட்கப்படுகிறது. முழுக்கத் தனியார் மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்பவர்கள்தான் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

அந்த இரண்டு வாரக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. பிறந்த 21 நாளுக்குள் பதிவானால் கட்டணம் கிடையாது. எங்கள் குழந்தைக்கு அது ஜூன் 24. அதைத் தாண்டி 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணத்தோடு பதிவாளரே முடித்துவிடுவார். 30 நாளும் போய்விட்டால் ஒரு வருடம் வரை மேலதிகாரியின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். ஒரு வருடத்தையும் தாண்டினால் விஷயம் பதிவாளர் கையை விட்டுப் போகிறது. முன்பெல்லாம் நீதிமன்றம் போய் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கவேண்டும். 2023இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த அதிகாரம் மாவட்ட, கோட்ட அளவிலான நிர்வாக நடுவர்களிடம் வந்திருக்கிறது. அவர்களிடம் போகும்போதும், இந்தப் பிறப்பு எங்கள் பதிவேட்டில் இல்லை என்று பதிவாளர் எழுதித் தரும் சான்றும், பிறந்ததற்கான ஆதாரங்களும் கையில் இருக்கவேண்டும். தாமதமாக விண்ணப்பிப்பவர்களிடம் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத்தான் முதலில் கேட்பார்கள். அதற்காகவாவது அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாமல் இருக்கலாம்.

எங்கள் குழந்தையின் பதிவு ஜூன் 10ஆம் தேதி ஆகிவிட்டது. பெயர்க் கட்டம் காலி. அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. அம்மா பெயருக்கு முன்னால் அவள் அப்பாவின் இனிஷியல் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஆதாரில் கணவர் பெயரைச் சேர்த்து மாற்றியிருந்தாள். மருத்துவமனையின் கேஸ் ஷீட்டிலோ, அட்மிஷன் போடும்போது கூட இருந்த என் தங்கை சொன்ன பழைய இனிஷியல். அறிக்கை நிரப்பியவர் கேஸ் ஷீட்டைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார். தாய்வீட்டுப் பிரசவத்தில் அடிக்கடி நடக்கும் தவறு இது. பிரசவத்துக்குச் சேர்க்கும்போதே அப்பா, அம்மா இருவரின் ஆதார் நகலையும் கொடுத்து, பதிவாளருக்குப் போகும் முன் அந்த அறிக்கையை ஒரு தடவை காட்டச் சொல்லிக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் சரியாகியிருக்கும். பதிவேட்டில் ஏறிவிட்டால் 15ஆம் பிரிவின்படி திருத்த விண்ணப்பம், ஆதாரங்கள், மருத்துவமனையிடமிருந்து கடிதம் என்று நீளும். அப்போதும் பழையதை அழிப்பதில்லை. ஓரத்தில் திருத்தத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள்.

முப்பதாம் நாள் தொட்டில் போட்டார்கள். குழந்தைக்கு யாழினி என்று பெயர். காதில் மூன்று முறை சொல்லி, சர்க்கரைத் தண்ணி வைத்து, எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத் திருப்பூருக்கும் மற்ற ஊர்களுக்குமாகக் கலைந்துபோனோம். யாழினி பெயரைப் பதிவேட்டிடம் யாரும் சொல்லவில்லை.

2022இல் எல்.கே.ஜி. சேர்க்கப் போனபோதுதான் தெரிந்தது. பள்ளி அலுவலகத்தில் சான்றிதழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல பாப்பா பேரே இல்லைங்களே” என்றார்கள். பெயர் சேர்க்கும் காலக் கணக்கு பிறந்த நாளிலிருந்து ஓடுவதில்லை, பதிவான நாளிலிருந்து ஓடுகிறது. ஆகவே 2020 ஜூன் 10க்குள் போயிருந்தால் காசில்லாமல் வேலை முடிந்திருக்கும். வாயால் சொன்னாலே போதும் என்கிறது சட்டம். ஆனால் எந்த அலுவலகத்திலும் எழுதித்தான் கேட்கிறார்கள். 12 மாதம் தாண்டிவிட்டால், பதிவு செய்த நாளிலிருந்து 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். தமிழ்நாட்டில் அது 200 ரூபாய். யாழினிக்கு 2034 வரை நேரம் இருந்தது. பதினைந்து வருடமும் தாண்டியவர்களுக்காக அரசு அவ்வப்போது கால நீட்டிப்பு கொடுத்திருக்கிறது. 2024 டிசம்பர் 31 வரை அப்படி ஒரு நீட்டிப்பு இருந்தது. அப்படிப்பட்ட நீட்டிப்பு எப்போதும் திறந்திருக்கும் கதவு அல்ல.

200 ரூபாய் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் பயணம். பிறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் பெயரும் ஏறும். மாப்பிள்ளை திருப்பூர் மாநகராட்சியில் ஒரு காலை நேரம் முழுக்க வரிசையில் நின்றுவிட்டு, “குழந்தை எங்கே பிறந்துச்சோ அங்கேதான் போகணும்” என்ற பதிலோடு திரும்பினார். பிறகு ஒருநாள் லீவு போட்டுப் பஸ் ஏறினார். அங்கே கேட்டது இவ்வளவுதான்: பெயரில்லாத பழைய சான்றிதழ், அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழிக் கடிதம், இருவரின் அடையாள அட்டை நகல். சட்டத்தின் வாசகப்படி பெற்றோர் அல்லது பாதுகாவலர் தகவல் சொன்னால் போதும். நடைமுறையில் இரண்டு கையெழுத்தும் கேட்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. மனஸ்தாபத்தில் இருக்கும் தம்பதியில் ஒருவர் மட்டும் வந்து ஒரு பெயரைப் போட்டுவிட்டுப் போனால், மற்றவருக்கு அதை மாற்ற வழியே இருக்காது. மாப்பிள்ளை மனைவியின் கையெழுத்தை வாங்கிப்போகவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் பஸ்.

இரண்டாம் முறை போனபோது கவுன்டரில் இருந்தவர் ஒரு கேள்வி கேட்டார். “ஆங்கிலத்துல எப்படி எழுதணும்?” சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகும். யாழினியின் ழகரத்துக்கு எல் போடுவதா, இசட் ஹெச் போடுவதா? வீட்டில் இசட் ஹெச். குழந்தைக்கு ஏற்கெனவே எடுத்திருந்த ஆதாரில் எல். மாப்பிள்ளை வெளியே வந்து போன் போட்டார். தாத்தா, பாட்டி, நான், எல்லாரும் ஒரே நேரத்தில் கருத்து சொன்னோம். கடைசியில் ஆதாரில் உள்ளபடியே போட்டார்கள்.

அந்த ஐந்து நிமிட போன் பேச்சு வீண் இல்லை. எழுத்துப் பிழையைத் தகுந்த ஆதாரத்தோடு திருத்தலாம். ஆனால் ஒருமுறை எழுதிய பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் எழுத முடியாது. நியூமராலஜி பார்த்து இரண்டு வயதில் பெயர் மாற்றுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு கொடுத்தாலும், பிறப்புப் பதிவேட்டில் பழைய பெயர் அப்படியேதான் இருக்கும். அன்று அந்த நர்ஸ் அவசரப்படுத்தியதற்காக வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லியிருந்தால், யாழினிக்குக் காகிதத்தில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் ஆகியிருக்கும். காலிக் கட்டத்தோடு வருவது அதைவிட எவ்வளவோ மேல். அதை ஒரு வருடத்துக்குள் நிரப்பிவிட்டால் போதும்.

2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பள்ளிச் சேர்க்கை, ஆதார், ஓட்டர் லிஸ்ட், டிரைவிங் லைசென்ஸ், கல்யாணப் பதிவு, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான் என்று திருத்தச் சட்டம் சொல்லிவிட்டது. நம் காலத்தில் பள்ளி டி.சி.யை வைத்தே எல்லாவற்றையும் ஓட்டினோம். தலைமையாசிரியர் உத்தேசமாகப் போட்ட ஜூன் மாதத் தேதிதான் பாதிப் பேருக்குப் பிறந்தநாள். இந்தக் குழந்தைகளுக்கு அந்த வசதி இல்லை.

என் தங்கை மகளுக்குப் போன வருடம் இரண்டாவது குழந்தை பிறந்தது, பையன். மருத்துவமனையில் மறுபடியும் ஃபாரம் வந்தது. பெயர்க் கட்டத்தை அவளே காலியாக விடச் சொன்னாள். மற்ற எல்லாக் கட்டத்தையும், குறிப்பாகத் தன் இனிஷியலை, இரண்டு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். தொட்டில் போட்ட மூன்றாம் நாள், திருப்பூர் கிளம்பும் முன்னாலேயே இரண்டு பேருமாகப் போய்ப் பெயரைச் சேர்த்துவிட்டு வந்தார்கள்.