பாட்டியின் அலுமினியச் சட்டி ஏன் சூடாகவில்லை?

மாணவர்களே, போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள சுவாவிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி சென்ற மாதம் ஒரு புகாருடன் வந்தாள். "டீச்சர், புதுசா வாங்குன இண்டக்‌ஷன் அடுப்பு கெட்டுப்போச்சு. பாட்டியோட சட்டியை வச்சா 'பீப் பீப்'னு கத்திட்டு நின்னுடுது."

அடுப்பு கெடவில்லை. சட்டிதான் பொருந்தவில்லை. தோட்டத்து வீட்டில் பல ஆண்டுகள் விறகிலும் பிறகு கேஸிலும் உழைத்த கனமான அலுமினியச் சட்டி அது.

கேஸ் அடுப்பில் நெருப்பு சட்டியைச் சுடுகிறது. இண்டக்‌ஷன் அடுப்பிலோ சட்டி தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறது. கண்ணாடித் தட்டின் கீழே செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் ஓடும் மின்னோட்டம் வினாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறுகிறது. அதனால் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், சட்டியின் அடிப்பாகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் உலோகத்தின் மின்தடையை எதிர்த்து ஓடும்போது வெப்பம் பிறக்கிறது.

அலுமினியத்திலும் மின்னோட்டம் ஓடுமே என்று நீங்கள் கேட்கலாம். ஓடும். ஆனால் அது மின்சாரத்தை மிக எளிதாகக் கடத்தும் உலோகம். அதோடு மின்னோட்டம் அதில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் ஆழம் வரை பரவி, தாராளமாக ஓடுகிறது. காந்தம் ஒட்டும் இரும்பில் அதே மின்னோட்டம் 0.1 மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய தோலுக்குள் நெருக்கப்படுகிறது. குறுகிய பாதை, அதிகத் தடை, அதிக வெப்பம். அலுமினியத்தை வைத்தால் பெரும்பாலான வீட்டு அடுப்புகள் 'சட்டி இல்லை' என்று எண்ணி நின்றுவிடும்.

ஆகவே கடைக்குப் போகும்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். அடியின் நடுவில் மட்டுமின்றி ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். சில எவர்சில்வர் பாத்திரங்களில் காந்தமே ஒட்டாது. சிலவற்றில் நடுவில் பதித்த சிறு வட்டத்தில் மட்டும் ஒட்டும். அந்த வட்டம்தான் சூடாகும்.

காந்தம் ஒட்டினால் மட்டும் போதாது. அடியின் தடிப்பையும் பார்க்க வேண்டும். சுருள் வளைய வடிவில் இருப்பதால் வெப்பமும் வளையமாகவே பிறக்கிறது. எவர்சில்வர் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். அதனால்தான் நல்ல சட்டிகளின் அடியில் இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே தடித்த அலுமினியத் தகடு வைக்கிறார்கள். பாட்டியின் அலுமினியம் அங்கே ஒளிந்திருக்கிறது! எஃகு சூட்டை உண்டாக்க, அலுமினியம் அதைப் பரப்புகிறது.

வீட்டுச் சட்டியைச் சோதிக்க, ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி மிதமான சூட்டில் வையுங்கள். குமிழிகள் முதலில் வளையமாக எழுந்தால் அடி மெல்லியது. பாயசம் அந்த வளையத்தில்தான் அடிப்பிடிக்கும். கேஸிலும் நெருப்பு வளையமாகவே வருவதால் இதே கதைதான். ஆனால் தடித்த அடி சூடாக நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். அடுப்பை அணைத்த பிறகும் பால் பொங்கி வழிவது இதனால்தான்.

ஓவனில் சூடான காற்று எல்லாப் பக்கமும் சூழ்வதால் காந்தம் தேவையில்லை. அடியின் தடிப்பும் அவ்வளவு முக்கியமில்லை. அங்கே பார்க்க வேண்டியது பிளாஸ்டிக் கைப்பிடியையும் மூடியின் குமிழையும்தான். கேஸில் நெருப்புக்கு எட்டாமல் தப்பிக்கும் குமிழ், ஓவனுக்குள் உருகலாம் அல்லது வெடிக்கலாம்.

மூடி என்றதும் ஒரு கணக்குப் போடுவோம். 28 பாகையிலுள்ள ஒரு லிட்டர் தண்ணீரை 100 பாகைக்குக் கொண்டுவர 4.2 × 72, அதாவது ஏறக்குறைய 302 கிலோஜூல் வேண்டும். வெறும் 100 கிராம் தண்ணீர் ஆவியாகிப் போனால் அதோடு 226 கிலோஜூல் போய்விடும். ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தில் முக்கால் பங்கு!

சரியாகப் பொருந்தும் மூடியில் ஆவி பட்டுத் தண்ணீராகி, மீண்டும் சட்டிக்குள் விழும். மூடியைச் சட்டியின்மேல் வைத்து விரலால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆடினால் விளிம்பு நெளிந்திருக்கிறது, ஆவி அந்த வழியே தப்பும். சிறு துளையுள்ள மூடி நல்லதே; ஆவி வெளியேற வழி இல்லாவிட்டால் மூடி எழும்பி, சோற்றுக் கஞ்சி அடுப்பில் வழியும்.

மாணவி விடவில்லை. "இரும்புத் தோசைக்கல்லை வச்சு, அதுக்கு மேல பாட்டி சட்டியை வச்சா?" சூடாகும். ஆனால் இரண்டு உலோகங்களும் சில புள்ளிகளில்தான் தொட்டுக்கொண்டிருக்கும், நடுவில் காற்று. சட்டிக்குப் போகாத சூடு கல்லிலேயே தேங்கி, கீழேயுள்ள கண்ணாடியையும் சுருளையும் தாக்கும். அந்தச் சட்டி இப்போது மறுபடியும் கேஸ் அடுப்புக்கே போய்விட்டதாம்.