ஒரே கேள்வி, நான்கு பதில்கள்

மரணத்துக்குப் பின் என்ன என்பதைச் சமயவாரியாகச் சொல்லும் குறும்படம் எடுக்கிறீர்களா? எல்லாச் சமயத்துக்கும் ஒரே கேள்வியையும் ஒரே அளவு நேரத்தையும் கொடுங்கள்.

"சொர்க்கம் நிரந்தரமா?" என்று கேட்டுப் பாருங்கள். இந்து மரபில் புண்ணியம் தீர்ந்தால் சொர்க்கவாசமும் முடியும், மறுபிறவி உண்டு; முடிவான நிலை வீடுபேறுதான். பௌத்தத்திலும் தேவலோக வாழ்வு நிலையற்றது. மாறாத ஆன்மா என்று ஒன்றை அது ஏற்பதில்லை. இஸ்லாத்தில் மறுமை நாள் தீர்ப்புக்குப் பின் கிடைக்கும் சுவர்க்கம் நிலையானது. கிறிஸ்தவத்திலும் நித்திய வாழ்வுதான். ஆனால் கத்தோலிக்கர் நம்பும் உத்தரிக்கும் தலத்தைப் புராட்டஸ்டண்ட் சபைகள் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே, எந்தப் பிரிவின் நம்பிக்கை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஒன்றை "உண்மை" என்றும் மற்றதை "நம்பிக்கை" என்றும் சொல்ல வேண்டாம். நான்குக்கும் "நம்புகிறார்கள்" என்பதே பொருந்தும். இஸ்லாமியப் பகுதியில், கப்ரில் கேள்வி கேட்கும் முன்கர், நகீர் என்ற வானவர்களுக்கு உருவம் வரையாமல், எழுத்தாகவே காட்டுங்கள். வெளியிடும் முன், அந்தந்தச் சமயத்தவர் ஒருவரிடம் அவரவர் பகுதியைக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.