விதை, செடி, மரம்: கடை அட்டைக்குப் பெயர் வைப்பது எப்படி?

தெருமுனை மளிகைக் கடைகளிலும் வாடிக்கையாளர் அட்டை வரத் தொடங்கிவிட்டது. வாங்கும் தொகையைப் பொறுத்து இரண்டு மூன்று படிகள் வைத்து, மேல்படிக்குக் கூடுதல் சலுகை தருகிறார்கள். அந்தப் படிகளுக்கு வைக்கும் பெயரிடம் எதிர்பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எது மேலே, எது கீழே என்பதை யாரும் விளக்காமலே அது சொல்லிவிட வேண்டும்.

பலரும் விமான நிறுவனங்கள், ஹோட்டல்களைப் பார்த்து சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று வைக்கிறார்கள். சில்வரை விடக் கோல்டு உயர்ந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பிளாட்டினத்தில்தான் சிக்கல். கடந்த பல ஆண்டுகளாக அதன் விலை தங்கத்தை விடக் குறைவு. பார்வைக்கும் அது வெள்ளி போலத்தான் இருக்கும். மேரியட் ஹோட்டல்கள் பிளாட்டினத்துக்கு மேலே டைட்டானியம் என்று ஒரு படி வைத்திருக்கின்றன. அங்கே அடிக்கடி தங்குபவர் அதைப் பழகிக்கொள்வார். அரை கிலோ துவரம்பருப்பு வாங்க வந்தவருக்கு அந்தப் பழக்கம் இருக்காது.

தமிழில் ‘வெள்ளி அட்டை’ என்று எழுதினால் வேறொரு குழப்பம் வரும். ‘வெள்ளி சலுகை’ என்ற பலகையைப் பார்ப்பவர் வெள்ளிக்கிழமைச் சலுகை என்றே நினைப்பார். ‘தங்க அட்டை’ நகைச்சீட்டை நினைவூட்டும். நிறங்களுக்குப் போனால், பச்சை அட்டை, வெள்ளை அட்டை என்றதும் பழைய ரேஷன் கார்டுதான் நினைவுக்கு வரும். தவிர, பச்சைக்கும் நீலத்துக்கும் இடையே எது உயர்ந்தது என்று சொல்ல எந்த வழியும் இல்லை. மல்லிகை, முல்லை, தாமரைக்கும் அதே கதிதான்.

எண்களாவது தெளிவாக இருக்குமா? பரீட்சையில் முதல் ரேங்க் என்றால் உச்சம். பள்ளியில் ஒன்றாம் வகுப்பு என்றால் தொடக்கம். ‘முதல் நிலை உறுப்பினர்’ என்ற அட்டையை இரண்டு விதமாகவும் படிக்கலாம். படி, மரக்கால், கலம் என்ற நெல் அளவைகள் அரிசிக் கடைக்கு அழகாகப் பொருந்தும். பெரியவர்களுக்கு அந்த வரிசை தெரியும். கல்லூரி மாணவருக்குத் தெரியாது.

விதை, செடி, மரம் என்ற வரிசையைக் குழந்தைகூட மாற்றிச் சொல்லாது. கீழ்ப்படியில் இருப்பவரையும் அது சிறுமைப்படுத்தாது. ‘சாதாரண உறுப்பினர்’ என்று அச்சிட்ட அட்டையை நாலு பேர் முன்னால் நீட்ட யாருக்கு மனம் வரும்? ‘சேவகர், மந்திரி, அரசர்’ என்பது அதைவிட மோசம். படிப்பெயர் ஆளுக்கு வைத்த பட்டம் போல ஒலிக்கக் கூடாது.

ஆனால் வளர்ச்சிப் பெயர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மரம் மறுபடி செடியாகாது. ஆண்டுதோறும் கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்கும் திட்டத்தில், போன வருடம் மரமாக இருந்தவரை இந்த வருடம் விதையாக்கினால் பெயரே பொய்யாகிவிடும். அத்தகைய திட்டத்துக்குச் சில்வர், கோல்டு என்ற இரண்டு படிகளே பொருத்தம். சேர்ந்த நாளிலிருந்து மொத்தக் கொள்முதலைக் கூட்டிக்கொண்டே போகும் திட்டத்துக்குத்தான் விதையும் மரமும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். சேர்ந்தவுடன் விதை, மொத்தம் ரூ.15,000 வாங்கினால் செடி, ரூ.60,000 ஆனால் மரம் என்று கடைக்காரர் வைக்கிறார். மாதம் ரூ.3,500-க்கு வாங்கும் குடும்பம் ஐந்தாம் மாதம் செடியாகும், பதினெட்டாம் மாதம் மரமாகும். மாதம் ரூ.1,000-க்கு வாங்கும் தனியாளும் ஐந்து வருடத்தில் மரமாகிவிடுவார். நீண்ட நாள் உறவுக்கு மதிப்புத் தர நினைக்கும் கடைக்கு இது சரி. கடைக்கு வருவதையே நிறுத்தியவரும் மரமாகவே நீடிப்பார் என்பது இதன் குறை. அதற்காகப் படியை இறக்க வேண்டாம். சேர்ந்த புள்ளிகளை ஆறு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று விதித்தால் போதும்.

அட்டையை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். மூன்று பெயர்களையும் மூன்று துண்டுச் சீட்டில் எழுதிக் கலைத்து, வாடிக்கையாளர் பத்துப் பேரிடம் தனித்தனியே கொடுத்து, கீழிருந்து மேலாக அடுக்கச் சொல்லுங்கள். சலுகை என்ன, தொகை என்ன என்று எதுவும் சொல்லாதீர்கள். வயதானவர், பள்ளிப் பிள்ளை, வெளிமாநிலத் தொழிலாளி எல்லோரும் அந்தப் பத்தில் இருக்கட்டும். பத்துப் பேரும் ஒரே மாதிரி அடுக்கினால் பெயர் தேறிவிட்டது. ஒருவர் தயங்கினாலும் எந்த இரண்டு சீட்டுக்கு நடுவே தயங்கினார் என்று பாருங்கள். மாற்ற வேண்டிய பெயர் அங்கேதான் இருக்கிறது.

அட்டைக்குப் பிறகு பில்லையும் கவனியுங்கள். ஒவ்வொரு பில்லின் அடியிலும் ‘மரத்துக்கு இன்னும் ரூ.1,850’ என்று ஒரு வரி வந்தால், அடுத்த படி எது, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் கல்லாவில் இருப்பவர் வாய் திறக்காமலே பதில் கிடைத்துவிடும்.