பல்வலி மாத்திரையும் ஆறாம் மாதமும்

ஆறு மாதக் கர்ப்பிணிக்குப் பல்வலி. வீட்டில் கிடந்த வலி மாத்திரையை இரவில் ஒன்று, காலையில் ஒன்று போட்டுவிட்டார். பிறகுதான் பயம் வந்தது. குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்று, மாத்திரை அட்டையையும் இணைத்து மருத்துவமனை மருந்தகத்துக்கு எழுதிக் கேட்டார். அட்டையின் பின்புறத்தில் இபுப்ரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. என்றிருந்தது.

மருந்தாளுநர் முதலில் ஸ்கேன் அறிக்கையைத்தான் வாங்கிப் பார்த்தார். இந்த மருந்துக்கு மாதக் கணக்கு போதாது, வாரக் கணக்கு வேண்டும். 25 வாரம் ஆகியிருந்தது. பிறகு எழுதினார்: “நீங்கள் போட்ட இரண்டு மாத்திரையால் கெடுதல் வர வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் மூன்றாவது வேண்டாம்மா.”

காரணத்தையும் எழுதியிருந்தார். 20 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். இபுப்ரோஃபென் குழந்தையின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியது. சிறுநீர் குறைந்தால் பனிக்குட நீரும் வற்றும். பெரும்பாலும் பல நாட்கள் தொடர்ந்து சாப்பிட்டவர்களிடம்தான் இப்படி ஆகிறது. இரண்டே நாளில் ஆவது அபூர்வம். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் நீர் மறுபடி ஊறிவிடும். 20 வாரத்துக்குப் பின் இதைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 அக்டோபரில் எச்சரித்தது. 30 வாரம் தாண்டினால் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தைத் திருப்பிவிட, குழந்தையின் இதயத்தருகே ஒரு குழாய் உண்டு. பிறந்த பிறகு மூட வேண்டிய அது வயிற்றுக்குள்ளேயே மூடிக்கொள்ளலாம்.

அப்படியானால் வலிக்கு? பாராசிட்டமால் 500 மி.கி. மட்டும் உள்ள மாத்திரை ஒன்று. தேவைப்பட்டால் ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று. காலையில் போட்ட மாத்திரையிலும் பாராசிட்டமால் இருந்ததால் அந்த ஆறு மணி நேரத்தை அதிலிருந்தே எண்ணச் சொன்னார். மாத்திரையால் பல் சரியாகாது, பல் மருத்துவரிடம் கர்ப்பத்தைச் சொல்லிக் காட்டுங்கள், மரத்துப்போகும் ஊசி போட்டே பார்ப்பார்கள் என்றும் ஒரு வரி. இதே மாத்திரையை நாலைந்து நாள் போட்டிருந்தால், நீரின் அளவைப் பார்க்க ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பாராம்.

வீட்டு மருந்துப் பெட்டியில் இதன் பங்காளிகள் வேறு பெயரில் இருக்கும். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சென், மாதவிடாய் வலிக்கு வாங்கும் மெஃபெனாமிக் அமிலம், எல்லாம் ஒரே கூட்டம். அட்டையின் முன்பக்கக் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் படிக்க வேண்டும். மூட்டில் தேய்க்கும் ஜெல்லையும் கேட்காமல் தேய்க்கக் கூடாது.

ஆஸ்பிரினும் இந்தக் கூட்டம்தான். ஆனால் கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கல் வராமலிருக்க மருத்துவர் எழுதித் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரினுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தாது. அதை யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம் என்று பதிலின் அடியில் கோடிட்டிருந்தார்.