பத்தாயிரம் வெள்ளியை எந்த மாதத்தில் கட்டுவது?

வீட்டுக் கடன் உள்ள ஒருவர் கையில் ஆண்டிறுதிப் போனசோ, சீட்டுப் பணமோ, சேமநிதியிலிருந்து எடுக்கக்கூடிய தொகையோ சேருமானால், அதைக் கடனில் கட்டிவிடலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. கட்டினால் வட்டி மிச்சமாகும் என்று எல்லோரும் கூறுவர். ஆனால் எவ்வளவு மிச்சமாகும், இந்த மாதம் கட்டுவதற்கும் ஐந்தாண்டு கழித்துக் கட்டுவதற்கும் வேறுபாடு என்ன, அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே. நான்காம் வகுப்பு மாணவன் அறிந்த பெருக்கலும் கழித்தலும் இருந்தால் போதும். இக்கணக்கை நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தாமானில் வீடு வாங்க 200,000 வெள்ளி கடன் பெறுகிறார். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 4.80, அதாவது மாதத்துக்கு 0.40. தவணைக் காலம் 25 ஆண்டுகள், அதாவது 300 மாதங்கள். இதற்கு மாதத் தவணை ஏறக்குறைய 1,146 வெள்ளி. 300 தவணைகளையும் கட்டி முடிக்கும்போது அவர் செலுத்தியிருக்கும் தொகை 343,800 வெள்ளி அளவாகும். முதல் 200,000 போக, வட்டி மட்டும் ஏறக்குறைய 143,800 வெள்ளி.

ஐந்தாண்டுகள் ஒழுங்காகக் கட்டிவிட்டார் என்க. 60 தவணைகளில் ஏறக்குறைய 68,760 வெள்ளி கட்டியும், முதலில் நிற்கும் பாக்கி 176,590 வெள்ளி. அடுத்த மாதத் தவணையைப் பிரித்துப் பார்ப்போம். பாக்கியில் 0.40 விழுக்காடு, அதாவது 706 வெள்ளி 36 காசு வட்டிக்குப் போகிறது. எஞ்சிய 439 வெள்ளி 64 காசு மட்டுமே முதலைக் குறைக்கிறது.

இப்போது அவர் 10,000 வெள்ளியை முதலில் கட்டுகிறார். மாதத் தவணையை மட்டும் முன்போலவே 1,146 வெள்ளியாக வைத்துக்கொள்கிறார். பாக்கி 166,590 ஆகிறது. அடுத்த மாத வட்டி 666 வெள்ளி 36 காசு. முன்னைய கணக்கைவிட வட்டியில் சரியாக 40 வெள்ளி குறைந்துவிட்டது. தவணை மாறாததால், அந்த 40 வெள்ளியும் முதலைக் கழிக்கப் போய்ச் சேருகிறது. ஆகவே அதற்கு அடுத்த மாதம் குறையும் வட்டி 40 வெள்ளி அன்று. 40 வெள்ளி 16 காசு. அதற்கடுத்த மாதம் 40 வெள்ளி 32 காசு. இவ்வாறு மாதந்தோறும் குறைவு சிறிது சிறிதாக வளர்கிறது.

இங்கேதான் இக்கணக்கின் மையம் இருக்கிறது. வங்கி நமக்குத் தள்ளுபடி எதுவும் தரவில்லை. நாம் கட்டிய 10,000 வெள்ளி, கடனுக்குள் மாதம் 0.40 விழுக்காடு வட்டியில், வட்டிக்கு வட்டியாக வளர்கிறது. 218 மாதங்களில் அது ஏறக்குறைய 23,875 வெள்ளியாகிவிடும். பழைய கணக்கின்படி அந்த நாளில் 24,088 வெள்ளி பாக்கி நின்றிருக்கும். நம்மவர் கணக்கிலோ 213 வெள்ளிதான் நிற்கும். அடுத்த மாதம் அச்சிறு தொகையை வட்டியுடன் கட்டினால் கடன் தீர்ந்தது. 300ஆம் மாதத்தில் முடியவேண்டிய கடன் 279ஆம் மாதத்திலேயே முடிகிறது. கடைசி 21 தவணைகள் முழுதாகவும், அதற்கு முந்திய தவணையில் 932 வெள்ளியும் கட்டாமல் நின்றுபோகின்றன. அவற்றின் கூட்டுத்தொகை 24,998 வெள்ளி. நாம் கொடுத்த 10,000 வெள்ளியைக் கழித்தால், மிச்சமான வட்டி 14,998 வெள்ளி.

இதே 10,000 வெள்ளியை வேறு காலங்களில் கட்டியிருந்தால் மிச்சமாகும் வட்டி எவ்வளவு என்பதைக் கீழே காண்க.

முதலாம் ஆண்டின் இறுதியில் கட்டினால்: 20,010 வெள்ளி
ஐந்தாம் ஆண்டின் இறுதியில்: 14,998 வெள்ளி
பத்தாம் ஆண்டின் இறுதியில்: 9,853 வெள்ளி
பதினைந்தாம் ஆண்டின் இறுதியில்: 5,738 வெள்ளி
இருபதாம் ஆண்டின் இறுதியில்: 2,457 வெள்ளி

ஒரே ஒரு மாதம் தாமதித்தால் என்ன ஆகும்? 60ஆம் மாதத்துக்குப் பதிலாக 61ஆம் மாதத்தில் கட்டினால் மிச்சம் ஏறக்குறைய 14,902 வெள்ளியாகக் குறைகிறது. ஒரு மாதத்து வட்டி 40 வெள்ளிதானே, 95 வெள்ளி எப்படிக் குறையும் என்று வினவலாம். அந்த மாதம் கழியாமல் போன 40 வெள்ளி கடனிலேயே தங்கி, பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் வட்டி ஏறி, இறுதியில் 95 வெள்ளியாக நம்மிடம் வந்து நிற்கிறது. அதுவே காரணம்.

மேலே கண்ட பட்டியலைப் பார்த்துப் பலர் தவறான முடிவுக்கு வருகின்றனர். "வட்டியெல்லாம் முதல் பத்தாண்டுகளிலேயே கட்டியாகிவிட்டது, இனி முதலைக் கட்டி என்ன பயன்?" என்பர். இது சரியன்று. முதலாம் ஆண்டில் கட்டினாலும் இருபதாம் ஆண்டில் கட்டினாலும் அந்தப் பணம் ஈட்டித் தருவது ஆண்டுக்கு அதே 4.80 விழுக்காடுதான். விகிதம் மாறவில்லை, அது வேலை செய்யும் காலமே மாறுகிறது. முன்னதில் இருபது ஆண்டுகளுக்கு மேலும், பின்னதில் நான்கு ஐந்து ஆண்டுகளும் வேலை செய்கிறது. ஆதலால் 2,457 வெள்ளி என்பது அற்பமும் அன்று. 20,010 வெள்ளி என்பது மாயமும் அன்று. மேலும், இம்மிச்சம் இன்று கையில் வரும் பணமும் அன்று. கடனின் கடைசி மாதங்களில், கட்டவேண்டாத தவணைகளாகத்தான் அது வந்து சேரும்.

இனி, பணம் கட்டும் முறையைக் கவனிப்போம். பலர் வங்கியில் பணத்தை மட்டும் செலுத்திவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அது எதற்காகச் செலுத்தப்படுகிறது என்று எழுதிக் கொடுப்பதில்லை. அதனால் அதே 10,000 வெள்ளி மூன்று வேறு வகைகளில் கணக்கில் ஏற இடமுண்டு.

முதல் வகை, நாம் மேலே கண்டது: முதல் குறைகிறது, தவணை மாறுவதில்லை, காலம் சுருங்குகிறது. இரண்டாம் வகையில் முதல் குறைகிறது. ஆனால் காலத்தை மாற்றாமல் தவணையைக் குறைத்துவிடுகின்றனர். நம் எடுத்துக்காட்டில் தவணை ஏறக்குறைய 65 வெள்ளி குறையும். மாதச் செலவுக்கு அது உதவியே. ஆனால் 240 மாதங்களில் அது 15,575 வெள்ளிதான். 10,000 வெள்ளி போக மிச்ச வட்டி 5,575 மட்டும். மாதம் குறையும் 65 வெள்ளியை நாம் வேறு வழியில் செலவிட்டுவிடுவதால், அது கடனுக்குள் தங்கி வளர்வதில்லை, அதனாலேயே இவ்வேறுபாடு. வருமானம் குறைந்து தவணை கட்டத் திணறும் குடும்பத்துக்கு இரண்டாம் வகையே ஏற்றது. மற்றவர்களுக்கு முதல் வகையே நன்று.

மூன்றாம் வகைதான் ஏமாற்றம் தருவது. முதலைத் தொடாமல், அப்பணத்தை வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக வைத்துவிடுவது அது. 10,000 வெள்ளியில் எட்டுத் தவணைகளுக்கு மேல் கழியும். சாதாரணத் தவணைக் கடன்களில் இவ்வாறு வைக்கப்படும் முன்பணம் வட்டியைக் குறைக்காமலும் இருக்கக்கூடும். ஆகவே, "இத்தொகையை முதலில் கழிக்கவும், மாதத் தவணையை மாற்றவேண்டாம்" என்று எழுத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகலைப் பெற்றுக்கொள்வது நலம். நெகிழ்வுக் கடன் என வழங்கும் வகைகளில் கூடுதலாகக் கட்டும் பணம் தானாகவே வட்டியைக் குறைப்பதும் உண்டு. எவ்வகைக் கடன் நம்முடையது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும்.

பணம் சரியான இடத்தில் சேர்ந்ததா என்பதை அறிவது எளிது. அடுத்து வரும் கணக்கு அறிக்கையில் இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். முதல் பாக்கி 10,000 வெள்ளி குறைந்திருக்கவேண்டும்; அந்த மாத வட்டி ஏறக்குறைய 40 வெள்ளி குறைந்திருக்கவேண்டும். நாட்கணக்கில் வட்டி போடும் வங்கிகளில், மாதத்துக்கு 30 நாளா 31 நாளா என்பதைப் பொறுத்துச் சில வெள்ளி முன்பின் ஆகும். பாக்கி குறையாமல், முன்பணம் என்ற தலைப்பில் 10,000 வெள்ளி தனியே நின்றால், உடனே சென்று திருத்தச் சொல்லவேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் விலை என்ன என்பதை முன்னரே கண்டோம்.

கட்டுவதற்கு முன் ஒப்பந்தத்தில் இன்னுமொரு விதியைத் தேடவேண்டும். கடன் தொடங்கிய முதல் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குள் முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டு என்று சில ஒப்பந்தங்கள் கூறும். அது முழுக் கடனையும் அடைப்பதற்கு மட்டுமா, ஒரு பகுதியைக் கட்டுவதற்கும் உண்டா என்பதைப் படித்தறியவேண்டும். பகுதிக்கும் நூற்றுக்கு 3 கட்டணம் என்றால், 10,000 வெள்ளிக்கு 300 வெள்ளி. அக்காலம் முடிய இரண்டே மாதங்கள் இருக்குமானால், இரண்டு மாதத் தாமதத்தின் இழப்பு 200 வெள்ளிக்கும் குறைவு, காத்திருப்பதே நன்று. இரண்டாண்டுகள் இருக்குமானால், கட்டணத்தைக் கொடுத்தும் கட்டுவதே இலாபம்.

கடைசியாக, இப்பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்குக் கிடக்கும் பணமானால், 4.80 விழுக்காட்டுக் கடனில் கட்டுவதே மேல். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுப்பதானால் நிதானம் வேண்டும். இரண்டாம் கணக்கு என்று முன்பு வழங்கி, 2024 மே மாதத்திலிருந்து செஜாத்தெரா என்று பெயர் பெற்ற கணக்கிலிருந்து வீட்டுக் கடனைக் குறைக்கப் பணம் எடுக்கலாம். ஆனால் சேமநிதியின் வழக்கமுறைச் சேமிப்புக்கு 2023ஆம் ஆண்டுக்கு 5.50 விழுக்காடும், 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடும் இலாப ஈவு அறிவிக்கப்பட்டது. 4.80 விழுக்காட்டுக் கடனை அடைக்க, அதைவிடக் கூடுதலாக ஈட்டும் பணத்தை எடுப்பது, 14,998 வெள்ளி மிச்சம் என்று தோன்றினாலும், உண்மையில் நட்டமே. ஈவும் கடன் வட்டியும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஆகையால் இரண்டையும் அவ்வப்போது பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும்.

உங்கள் கடனுக்கும் இதே வழியைப் பின்பற்றலாம். ஆண்டு வட்டியைப் பன்னிரண்டால் வகுத்து மாத வட்டியைக் காணுங்கள். கட்டப்போகும் தொகைக்கு ஒரு மாத வட்டி எவ்வளவு என்று பாருங்கள். அதுதான் முதல் மாதத்தில் குறையவேண்டிய தொகை. அது குறைந்ததா என்று அடுத்த அறிக்கையில் பார்த்துவிட்டு, தவணையைக் குறைக்காமல் கட்டி வாருங்கள்.