பல்செட் பசை: எங்கே உதவும், எங்கே மறைக்கும்?

முழுப் பல்செட்டை ஈறோடு பிடித்து வைப்பது இரண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலம். ஒட்டும் பசை ஈரத்தில் ஊறி உப்பி, அந்தப் படலத்தைக் கெட்டியாக்குகிறது. வாய் வறட்சி உள்ளவர்களுக்கும், கீழ்த்தாடை மேடு தேய்ந்து தட்டையானவர்களுக்கும், சரியாகப் பொருந்திய செட்டிலும் இது கூடுதல் பிடிப்பைத் தரும்.

பல் எடுத்த பின் தாடை எலும்பு ஆண்டுக்காண்டு கரைகிறது; செட்டின் வடிவமோ மாறுவதில்லை. இடையே விழும் இடைவெளியைப் பசையால் நிரப்பிக்கொண்டே போனால் தளர்ச்சி வெளியே தெரியாது. ஆடும் செட் ஈறைப் புண்ணாக்கும், எலும்பை மேலும் தேய்க்கும். மேல், கீழ் இரண்டு செட்டுக்கும் சேர்த்து 68 கிராம் டியூப் ஏழெட்டு வாரம் வர வேண்டும். இரண்டு வாரத்தில் தீர்ந்தால் தேவைப்படுவது பசையல்ல. செட்டின் உட்புறத்துக்குப் புதுப் பூச்சு, அல்லது புதிய செட்.

கழுவித் துடைத்த செட்டில் பட்டாணி அளவில் மூன்று நான்கு இடங்களில், ஓரத்தைத் தவிர்த்து வைத்து, சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் போதும். வெளியே பிதுங்கினால் அளவு அதிகம். இரவில் செட்டைக் கழற்றி, ஈறில் ஒட்டியதை வெந்நீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்.

துத்தநாகம் கலந்த பசையை நெடுநாள் அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் உடலில் தாமிரம் குறைந்து நரம்புகள் பாதிக்கப்படலாம். கை கால் மரத்துப்போனாலோ நடை தடுமாறினாலோ பசையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.